மரவள்ளிக் கிழங்கைப் பக்குவமாகச் சமைப்பது எப்படி?

(பண்ணை ஒலிபரப்பில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)

இன்றைக்கு மரவள்ளிக் கிழங்கைப் பற்றிச் சில விஷயங்கள் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். சேலம், நாமக்கல் பக்கம் இதைக் குச்சிக்கிழங்கு என்பார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் மரச்சீனிக் கிழங்கு என்பார்கள். பேர் எதுவானாலும் கிழங்கு ஒன்றுதான். நடவு, உரம், மகசூல் பற்றியெல்லாம் முன்பே பல பேர் பேசியிருக்கிறார்கள். நான் பேசப் போவது, தோண்டி எடுத்த கிழங்கை அடுப்பில் ஏற்றும் வரைக்கும் என்னென்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி.

இதில் என்ன இருக்கிறது, கிழங்கு அவிக்கத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும், இல்லை என்று சொல்லவில்லை. தோட்டத்து வரப்பில் வீட்டுக்கென்று நட்ட கிழங்கை நம் தாய்மார்கள் காலங்காலமாக அவித்துத்தான் வருகிறார்கள். ஆனால் ஜவ்வரிசி ஆலைக்கென்று ஏக்கர் கணக்கில் பயிரான கிழங்கு இருக்கிறதே, அதை லாரியில் ஏற்றின பிறகு கொல்லையில் கிடக்கிற மிச்சத்தைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டு போகிறவர்கள் உண்டு. வீட்டுக் கிழங்கைச் சமைக்கிற மாதிரியே அதையும் சமைத்துவிடலாமா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பேச்சு.

முதலில் கிழங்குக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். மரவள்ளியின் இலை, தண்டு, கிழங்கு எல்லாவற்றிலும் லினமரின் என்று ஒரு பொருள் இருக்கிறது. அதே கிழங்கில் நொதி ஒன்றும் இருக்கிறது. இரண்டும் ஒரே கிழங்கில் இருந்தாலும் தனித்தனி அறையில் குடியிருக்கின்றன. கிழங்கு முழுசாக இருக்கும் வரை ஒன்றை ஒன்று தொடாது. வெட்டினாலோ, துருவினாலோ, இடித்தாலோ நடுச்சுவர் உடைந்து இரண்டும் கலக்கும். கலந்தால் சயனைடு என்ற விஷம் வெளிப்படும்.

மஞ்சளையும் சுண்ணாம்பையும் நினைத்துப் பாருங்கள். தனித்தனியாக வைத்திருந்தால் மஞ்சள் மஞ்சளாகவும் சுண்ணாம்பு வெள்ளையாகவும் இருக்கும். தண்ணீரில் இரண்டையும் கலந்தால்தான் ஆரத்திச் சிவப்பு வரும். இங்கேயும் அப்படித்தான். ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே கலப்பது நமக்கு நல்லது. ஏனென்றால் வெளிப்பட்ட சயனைடு சாதாரண வெயில் சூட்டிலேயே ஆவியாகிப் பறந்துவிடக் கூடியது. பிரியாமல் லினமரினாகவே கிழங்குக்குள் தங்கிவிட்டால்தான் தொல்லை. அது அடுப்புச் சூட்டுக்கு எளிதில் அழியாது. நாம் சாப்பிட்ட பிறகு வயிற்றுக்குள் போய்ப் பிரியும்.

ஆகவே மரவள்ளிச் சமையலின் சூட்சுமம் இரண்டே இரண்டு. ஒன்று, நொதியையும் லினமரினையும் அடுப்புக்குப் போகுமுன் நன்றாகக் கலக்க விட வேண்டும். இரண்டு, கலக்காமல் மிச்சமிருக்கும் லினமரினைத் தண்ணீரில் கரைத்து வெளியே கொட்ட வேண்டும். லினமரின் தண்ணீரில் நன்றாகக் கரையும். உரிப்பது, ஊற வைப்பது, வேக வைப்பது என்று மூன்று வேலை சொல்கிறோமே, மூன்றும் இந்த இரண்டு காரியத்துக்காகத்தான்.

இனி இனிப்புக் கிழங்கு, கசப்புக் கிழங்கு என்ற பேதத்துக்கு வருவோம். ஒரு கிலோ பச்சைக் கிழங்கில் 50 மில்லி கிராமுக்குக் குறைவாகச் சயனைடு வெளிப்பட்டால் அதை இனிப்பு வகை என்கிறோம். 100 மில்லி கிராமுக்கு மேல் போனால் கசப்பு வகை. நடுவில் நிற்பவையும் உண்டு. சமையலுக்குப் பேர் போன எம்-4 போன்ற ரகங்கள் வேறு. மாவுச்சத்துக்காக ஆலைக்குப் பயிரிடும் எச்-165, எச்-226 போன்ற ரகங்கள் வேறு. ஆலைக் கிழங்கில் மாவு எவ்வளவு என்றுதான் பார்க்கிறார்களே தவிர, வாய்க்கு எப்படி இருக்கும் என்று யாரும் பார்ப்பதில்லை.

ரகம் மட்டுமே எல்லாவற்றையும் முடிவு செய்துவிடாது. மழை பொய்த்துப் பயிர் வாடினால், நல்ல ரகத்திலும் விஷம் ஏறும். ஒரே செடியிலேயே ஒரு கிழங்கு இனித்து இன்னொன்று கசக்கலாம். அதனால் போன வருஷம் இதே கொல்லைக் கிழங்கைச் சாப்பிட்டோம், ஒன்றும் ஆகவில்லை என்று வறட்சி வருஷத்தில் சொல்லக் கூடாது.

எப்படித் தெரிந்துகொள்வது? பெரியவர் ஒருவர் தோலுரித்த பச்சைக் கிழங்கிலிருந்து கடுகளவு கிள்ளி, நுனி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, உடனே துப்பி, வாயைக் கொப்பளிக்கலாம். விழுங்கக் கூடாது. குழந்தைகளிடம் கொடுத்துப் பார்க்கவே கூடாது. கசந்தால் அது கசப்புக் கிழங்குதான், சந்தேகம் வேண்டாம். கசக்கவில்லை என்றால் மட்டும் அது சுத்தமான இனிப்புக் கிழங்கு என்று உறுதி சொல்ல முடியாது. நாக்கு பிடிக்கிற கசப்பும் விஷத்தின் அளவும் பெரும்பாலும் ஒத்துப் போகும், எப்போதும் ஒத்துப் போவதில்லை. ஆகையால் ஆலைக் கொல்லைக் கிழங்கு, பேர் தெரியாத ரகம், வறட்சியில் வாடிய பயிர் இந்த மூன்றையும் கசந்தாலும் கசக்காவிட்டாலும் கசப்புக் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள்.

முதலில் வீட்டு இனிப்புக் கிழங்கைச் சமைக்கும் முறையைச் சொல்கிறேன்.

கிழங்குக்கு இரண்டு தோல் உண்டு. மேலே மெல்லிய பழுப்புத் தோல். அதன் அடியில் கனமான வெள்ளை அல்லது ரோஸ் நிறப் பட்டை. மேல் தோலை மட்டும் சுரண்டிவிட்டுப் பட்டையை விட்டுவைக்கக் கூடாது. உள்ளே இருக்கும் சதையைவிடப் பட்டையில்தான் விஷம் அதிகம். கிழங்கின் நீளவாக்கில் கத்தியால் ஒரு கீறல் போட்டு, கீறலில் கத்தி முனையை நெம்பினால் இரண்டு தோலும் சேர்ந்து உறை மாதிரி கழன்று வரும். இரண்டு முனைகளையும் வெட்டிப் போடுங்கள். நடுவில் ஓடும் நாரையும் எடுத்துவிடுங்கள். உரித்த பச்சைத் தோலை ஆடு மாடு வாய் வைக்கும் இடத்தில் போட வேண்டாம்.

அடுத்தது வெட்டும் அளவு. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. திருவனந்தபுரத்தில் ஸ்ரீகாரியம் என்ற இடத்தில் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1963-இல் ஆரம்பித்த நிலையம். அங்கே இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 50 கிராம் எடையுள்ள பெரிய துண்டாகப் போட்டு வேக வைத்தபோது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு லினமரின்தான் வெளியேறியது. 2 கிராம் எடையுள்ள சின்னத் துண்டாகப் போட்டபோது நாலில் மூன்று பங்கு வெளியேறிவிட்டது. கிழங்கு ஒன்றே, தீயும் ஒன்றே. வெட்டிய அளவில்தான் இத்தனை வித்தியாசம். 2 கிராம் துண்டு என்றால் அரை அங்குலக் கட்டி. சாம்பாருக்கு உருளைக்கிழங்கு அரிவதைவிடச் சின்னதாக என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டின துண்டுகளை இரண்டு தடவை கழுவி, பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வையுங்கள். ஒரு கிலோ கிழங்குக்கு ஐந்து லிட்டர் தண்ணீராவது இருக்கட்டும். கொதிக்கிற உலையில் கிழங்கைக் கொட்டக் கூடாது. ஏன் தெரியுமா? நொதி சூடு தாங்காது. கொதிநீரில் விழுந்தவுடன் முட்டை வெந்துபோவதுபோல் அதுவும் செத்துப்போகும். அப்புறம் லினமரினைப் பிரிக்க ஆள் இல்லை. பச்சைத் தண்ணீரில் ஆரம்பித்தால், தண்ணீர் வெதுவெதுப்பாகிச் சூடேறும் வரைக்கும் நொதி தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

பாத்திரத்தை மூடி வைக்காதீர்கள். ஆவியோடு போக வேண்டியது போகட்டும். கொதி வந்த பிறகு அரை மணி நேரம் வேகட்டும். வெந்ததும் தண்ணீர் முழுவதையும் வடித்துக் கொட்டிவிடுங்கள். அந்தத் தண்ணீரில் ரசம் வைப்பது, குழம்பில் சேர்ப்பது, மாட்டுத் தொட்டியில் ஊற்றுவது எதுவும் கூடாது. லினமரின் இறங்கியிருப்பது அந்தத் தண்ணீரில்தான். வடித்த பிறகு உப்புப் போட்டு, தேங்காய் சேர்த்துத் தாளித்துக்கொள்ளலாம்.

பிரஷர் குக்கரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு விசில் வைப்பது, இட்லிப் பானை ஆவியில் அவிப்பது, நெருப்பில் சுடுவது, எண்ணெயில் வறுப்பது ஆகிய முறைகளில் கிழங்கு மெத்தென்று வெந்துவிடும். ஆனால் லினமரின் கரைந்து போக அங்கே தண்ணீர் இல்லை. வெந்துவிட்டது என்பதும் விஷம் போய்விட்டது என்பதும் வேறு வேறு. நிச்சயமான இனிப்பு ரகத்துக்கு மட்டுமே இந்த முறைகள்.

இப்போது ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். ஆலைக் கிழங்கையும் இப்படியே சமைத்தால் என்ன? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு வீட்டில் இனிப்புக் கிழங்கு ஒரு கிலோ. அதில் 40 மில்லி கிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சின்னதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் வேக வைத்து வடித்தால் நாலில் மூன்று பங்கு போய், மிச்சம் 10 மில்லி கிராம். வீட்டில் நாலு பேர் பகிர்ந்து சாப்பிட்டால் ஆளுக்கு இரண்டரை. உடம்பு அதைச் சமாளித்துவிடும். அடுத்த வீட்டில் கசப்புக் கிழங்கு ஒரு கிலோ. அதில் 200 மில்லி கிராம். அதே மாதிரி பக்குவமாகச் சமைத்தாலும் மிச்சம் 50 மில்லி கிராம் நிற்கும். முதல் வீட்டுக்காரர் கிழங்கைப் பச்சையாகத் தின்றிருந்தால் போகக்கூடிய விஷத்தைவிட இது அதிகம்! அவசரத்தில் பெரிய துண்டாகப் போட்டிருந்தால் 150 மில்லி கிராம் அப்படியே இருக்கும். பெரியவர்களுக்கே அது ஆபத்து. சின்னக் குழந்தைக்கு உயிரே போகலாம். உடம்பு எடை குறையக் குறைய, தாங்கும் அளவும் குறையும்.

ஆகவே கசப்புக் கிழங்குக்கு வேக வைப்பது மட்டும் போதாது. முன்னால் மூன்று நாள் ஊற வைக்க வேண்டும். அந்த முறை இது.

இரண்டு தோலையும் உரித்த கிழங்கை நீளவாக்கில் பிளந்து, விரல் நீளத் துண்டுகளாக வெட்டுங்கள். மண்பானை, பிளாஸ்டிக் வாளி அல்லது எவர்சில்வர் அண்டாவில் போட்டு, கிழங்குக்கு மேலே நாலு விரல் நிற்கும்படி தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் புளிக்கும் என்பதால் பித்தளை, செம்புப் பாத்திரம் வேண்டாம். மேலே ஒரு தட்டை வைத்து, கழுவிய கல்லைப் பாரமாக வையுங்கள். தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் துண்டு ஊறாது. மூன்று இரவும் மூன்று பகலும் இப்படியே இருக்கட்டும். நடுவில் தண்ணீரை மாற்ற வேண்டாம். அந்தத் தண்ணீரில் வளரும் நுண்ணுயிர்கள்தான் கிழங்கைப் புளிக்க வைத்து மெதுவாக்குகின்றன. கிழங்கு இளகும்போது உள்ளே இருக்கும் அறைச் சுவர்கள் எல்லாம் உடைகின்றன. நொதியும் லினமரினும் கலக்கின்றன. விஷத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இப்படி வெளியேறிவிடும்.

சரியாக ஊறிவிட்டதா என்று விரலே சொல்லிவிடும். துண்டை எடுத்து அழுத்தினால் பிசைந்த மாவு மாதிரி நசுங்க வேண்டும். நடு நார் இழுத்தால் தானாக வர வேண்டும். புளித்த வாடை வரும், அது சரிதான். மூன்று நாள் ஆகியும் நடுவில் கட்டியாக இருந்தால் இன்னொரு நாள் விடுங்கள். குளிர் காலத்திலும், கொல்லிமலை போன்ற மலைப் பக்கங்களிலும் நாலு நாள் கூட ஆகும். நாள் கணக்கை நம்புவதைவிட விரலை நம்புங்கள். ஒரு ராத்திரி ஊற வைத்தால் போதாது. துண்டு கல்லு மாதிரி இருக்கும், உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும்.

ஊறியதும் அந்தத் தண்ணீரைக் கால்நடை குடிக்காத இடத்தில் கொட்டுங்கள். கிழங்கை நன்றாகப் பிழிந்து, இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள். பிறகு புதுத் தண்ணீர் நிறைய ஊற்றி, முன்பு சொன்னபடியே மூடாமல் வேக வைத்து வடியுங்கள். நம் கணக்குப்படி 200 மில்லி கிராம் இருந்த கிழங்கு ஊறிய பிறகு 20-க்குக் கீழே இறங்கும். வெந்து வடித்த பிறகு இன்னும் குறையும். இப்போதுதான் அது முதல் வீட்டு இனிப்புக் கிழங்கோடு சமமாக உட்காருகிறது.

இந்த மூன்று நாளை இரண்டாகவோ ஒன்றாகவோ சுருக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்காவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே பல நாடுகளில் கசப்பு மரவள்ளிதான் தினசரி உணவு. நமக்கு அரிசி மாதிரி. காங்கோ நாட்டில் பண்டுண்டு என்ற பகுதியில் மூன்று நாள் ஊற வைத்து, காய வைத்து, மாவாக்குவதுதான் பழைய வழக்கம். தலைநகரத்துக்குத் தார்ச்சாலை வந்ததும் கிழங்குக்கு நல்ல கிராக்கி ஏற்பட்டது. சீக்கிரம் விற்க வேண்டும் என்று ஊற வைக்கும் நாளைக் குறைத்தார்கள். அதே மாவைத்தான் வீட்டிலும் சாப்பிட்டார்கள். கொஞ்ச காலத்தில் அந்தக் கிராமங்களில் ஒரு நோய் பரவியது. நேற்று வரை ஓடியாடிய பிள்ளைக்கும் தாய்க்கும் திடீரென்று இரண்டு காலும் விறைத்துக்கொள்ளும். பிறகு நடக்க முடியாது, அல்லது கோல் ஊன்றித்தான் நடக்க முடியும். அங்கே அதைக் கொன்சோ என்கிறார்கள். கட்டுண்ட கால்கள் என்று அர்த்தம். வந்தால் ஆயுளுக்கும் போகாது.

1981-இல் மொசாம்பிக் நாட்டில் நம்புலா என்ற பகுதியில் கடும் வறட்சி. மற்றப் பயிர்கள் கருகிப் போய்க் கசப்புக் கிழங்கு மட்டும் மிஞ்சியது. பசி தாங்காமல் சரியாகப் பக்குவம் செய்யாமல் சாப்பிட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கால் விளங்காமல் போயிற்று. அதில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்தான். வாரக் கணக்கில் இந்தக் கிழங்கையே சாப்பிட்டு, பருப்பு, மீன், முட்டை போன்ற புரதம் எதுவும் கிடைக்காதவர்களைத்தான் இந்த நோய் பிடித்தது. உடம்புக்குள் போன சயனைடை மாற்றி வெளியேற்றுவதற்குப் புரதத்தில் உள்ள கந்தகச் சத்து வேண்டும். கன்னியாகுமரிப் பக்கம் கிழங்குக்கு மீன் குழம்பு சேர்த்துச் சாப்பிடுகிறார்களே, அது ருசிக்கு மட்டும் அல்ல, உடம்புக்கும் துணை. ஆனால் மீன் இருக்கிறதே என்று கசப்புக் கிழங்கை ஊற வைக்காமல் சாப்பிடலாமா என்றால், கூடாது. சேர்க்கை உணவு கொஞ்சம் மிஞ்சியதைச் சமாளிக்கும். மொத்தத்தையும் சமாளிக்காது.

வீட்டில் மரவள்ளி மாவு அரைத்து வைத்துக்கொள்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உலர்ந்த மாவிலும் லினமரின் தங்கியிருக்கும். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஹோவர்ட் பிராட்பரி என்பவர் இதற்கு ஒரு சுலப வழி கண்டுபிடித்தார். மாவில் தண்ணீர் தெளித்து ஈரமாகப் பிசறி, பாயிலோ முறத்திலோ ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் போகாமல் பரப்ப வேண்டும். நிழலில் ஐந்து மணி நேரம், அல்லது வெயிலில் இரண்டு மணி நேரம் விட வேண்டும். ஈரம் பட்டதும் மாவில் மிச்சமிருக்கும் நொதி லினமரினைப் பிரிக்கும். சயனைடு காற்றோடு போய்விடும். பிறகு அன்றைக்கே சமைத்துவிட வேண்டும். இந்த வேலையைக் காற்றோட்டமான திறந்த இடத்தில் செய்யுங்கள்.

ஜவ்வரிசியும் இதே கிழங்கில் வருவதுதானே, அதிலும் பயமா என்று கேட்கலாம். ஆலையில் கிழங்கைத் தோலுரித்து, அரைத்து, தண்ணீரில் பலமுறை கழுவி, மாவுச்சத்தை மட்டும் தனியாகப் படிய வைத்து எடுக்கிறார்கள். லினமரின் கழுவிய தண்ணீரோடு போய்விடுகிறது. ஆகவே ஆலைக் கிழங்கிலிருந்து வந்த ஜவ்வரிசிக்குப் பயப்பட வேண்டியதில்லை. அந்தக் கிழங்கை நேரே அடுப்பில் ஏற்றுவதற்குத்தான் பயப்பட வேண்டும்.

கடைசியாக ஒன்று. கிழங்கு சாப்பிட்ட சில மணி நேரத்துக்குள் தலை சுற்றல், தலைவலி, வயிற்று வலி, வாந்தி, மூச்சு வாங்குதல், கை கால் தளர்ச்சி இவை கண்டால், அதுவும் ஒரே பந்தியில் சாப்பிட்ட இரண்டு மூன்று பேருக்குக் கண்டால், பித்தம் என்றோ அஜீரணம் என்றோ காத்திருக்காதீர்கள். கை வைத்தியம் பார்த்து நேரத்தைப் போக்காதீர்கள். உடனே 108-க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மரவள்ளிக் கிழங்கு சாப்பிட்டார் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். மிச்சமிருக்கும் கிழங்கில் கொஞ்சம் கையோடு எடுத்துப் போங்கள். இந்த விஷத்துக்கு மாற்று மருந்து இருக்கிறது. என்ன விஷம் என்று தெரிந்தால்தான் டாக்டர் அதைக் கொடுக்க முடியும்.

கொல்லையில் அறுவடை நடக்கும்போது வேலைக்கு வந்தவர்கள் மடியில் நாலு கிழங்கு எடுத்துப் போவார்கள். எடுத்துப் போக வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. இது ஆலை ரகம், மூன்று நாள் ஊற வைத்து, விரலால் நசுக்கிப் பார்த்து, நிறையத் தண்ணீரில் வேக வைத்து வடித்த பிறகுதான் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று கொல்லைக்காரர்கள் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.